பாஸ்தா: அரை பாக்கெட் போதும்!

நாலு பேருக்கு பாஸ்தா செய்யணும். பாக்கெட்டைப் பிரித்துக் கிண்ணத்தில் கொட்டினால் கொஞ்சமாகத்தான் தெரியும். ‘போதாதோ?’ என்று இன்னும் ஒரு கைப்பிடி அள்ளிப் போடுவோம். வெந்து வடித்த பிறகு பார்த்தால், ராத்திரிக்கும் சேர்த்து இருக்கும்!

இத்தாலியில் பெரியவர் ஒருவருக்கு, வேகவைக்காத பாஸ்தா 80 முதல் 100 கிராம் வரை என்று கணக்கு. நாம் காய்கறி, சீஸ் எல்லாம் தாராளமாகச் சேர்ப்பதால் 80 கிராமே வயிறு நிறையும். சின்னப் பிள்ளைக்கு 50 போதும். அப்பா, அம்மாவுக்கு 160, பிள்ளைக்கு 50, அளவாகச் சாப்பிடும் பாட்டிக்கு 50. மொத்தம் 260 கிராம். அதாவது 500 கிராம் பாக்கெட்டில் ஏறக்குறைய பாதி. தராசு இல்லாதவர்கள் இப்படிப் பாக்கெட்டைப் பங்கு போடுவதே நல்லது. கப் அளவை ரொம்ப நம்ப வேண்டாம். குட்டி மக்ரோனி ஒரு கப்பில் நெருக்கமாக உட்காரும். முறுக்கு முறுக்காக இருக்கும் ஃபுசில்லி இடைவெளி விட்டு நிற்கும். கப் ஒன்றுதான், எடை வேறு.

சரி, வெந்தால் எவ்வளவு ஆகும்? 100 கிராம் பாஸ்தா 200 முதல் 240 கிராம் வரை வரும். நம்ம வீட்டு 260 கிராம், அரை கிலோவுக்கு மேல் ஆகிவிடும். கூடுகிற எடை முழுக்கத் தண்ணீர்தான். ஒன்றைக் கடித்துப் பாருங்கள். நடுவில் லேசாக வெள்ளைப் புள்ளி தெரிந்தால் இருமடங்கு அளவில் நிற்கும். அதையும் தாண்டிக் கொதிக்கவிட்டால் இன்னும் தண்ணீர் குடித்து, உப்பி, குழையும். வேகும் நேரத்தைப் பொறுத்து எடை மாறுவதால்தான், வேகவைக்கும் முன்பே எடை போடச் சொல்கிறார்கள்.

சர்க்கரைக்காகவோ உடம்பைக் குறைக்கவோ கலோரி எண்ணுகிறவர்கள் இதைக் கவனிக்கணும். பாக்கெட்டில் 100 கிராமுக்கு சுமார் 350 கலோரி என்று போட்டிருப்பது வேகாத பாஸ்தாவுக்கு. தட்டில் இருக்கும் 200 கிராமை அப்படியே பெருக்கினால் 700 என்று வரும். பயந்து பாதியை ஒதுக்கிவிடுவார்கள். நிஜத்தில் அது சுமார் 90 கிராம் பாஸ்தாதான். 320 கலோரிக்குள் அடங்கிவிடும். சாஸ், சீஸ் கணக்கு தனி!

இன்னொன்று, வடித்து வைத்த பிறகும் பாஸ்தா சும்மா இருக்காது. சாஸில் கலந்து அரை மணி நேரம் மூடி வைத்தால் அந்த ஈரத்தையும் இழுத்துக்கொண்டு கட்டியாகிவிடும். வடிக்கும் முன் வெந்த தண்ணீரில் ஒரு டம்ளர் எடுத்து வையுங்கள். பரிமாறும்போது கொஞ்சம் ஊற்றிச் சூடாக்கினால் மறுபடி இளகிவிடும்.