பதினைந்து சதவீதம் எங்கே போனது?

போன ஞாயிற்றுக்கிழமை என் மச்சினன் வீட்டுப் பீரோவை ஒழித்துக்கொண்டிருந்தான். அடித்தட்டிலிருந்து பழைய கோப்பு ஒன்று கிடைத்தது. அதற்குள் ஒரு முதலீட்டு முகவர் 2011 தொடக்கத்தில் பால்பாயிண்ட் பேனாவால் கணக்குப் போட்டுக் கொடுத்த துண்டுத்தாள் இருந்தது. 2007 கடைசி வாரத்தில் சென்செக்ஸைப் பின்தொடரும் ஒரு ஃபண்டில் அவன் ஒரு லட்ச ரூபாய் போட்டிருந்தான். மூன்று வருஷம் கழித்து விசாரித்தபோது எழுதித் தந்த பதில் அது: முதல் வருஷம் 52 சதவீத இறக்கம், அடுத்தது 81 ஏற்றம், அதற்கடுத்தது 17 ஏற்றம். சராசரி, வருஷத்துக்கு 15 சதவீதம்.

“அத்தான், வருஷத்துக்குப் பதினஞ்சுன்னா மூணு வருஷத்துல ஒரு லட்சம் ஒன்றரை லட்சம் ஆகியிருக்கணும். அப்போ என் கையில வந்தது ஒரு லட்சமும் கொசுறும்தான். அந்த ஆள் பொய் சொல்லிட்டாரா?”

பொய் சொல்லவில்லை. வேண்டாத இடத்தில் கூட்டல் கணக்குப் போட்டுவிட்டார், அவ்வளவுதான்.

சென்செக்ஸின் ஆண்டிறுதிப் புள்ளிகளைத் தாளில் வரிசையாக எழுதினேன். 2007 முடிவில் 20,287. லேமன் பிரதர்ஸ் கவிழ்ந்த 2008 முடிவில் 9,647. 2009 முடிவில் 17,465. 2010 முடிவில் 20,509. முதல் எண்ணையும் கடைசி எண்ணையும் மட்டும் பாருங்கள். மூன்று வருஷ ஓட்டத்துக்குப் பிறகு சந்தை புறப்பட்ட இடத்துக்கே திரும்பி வந்து, ஒரு சதவீதம் மட்டும் மேலே நிற்கிறது. மச்சினனின் ஒரு லட்சம் புள்ளிக் கணக்கில் 1,01,095 ரூபாய். பங்கு ஈவுத்தொகை சென்செக்ஸ் புள்ளியில் சேராது என்பதால் அவனுக்குச் சற்றுக் கூடுதலாக வந்திருக்கலாம். ஃபண்டின் செலவுக் கழிவு அதில் கொஞ்சத்தைத் தின்றிருக்கும்.

ஆனாலும் மூன்று சதவீதங்களையும் கூட்டி மூன்றால் வகுத்தால் 15.3 வரத்தான் செய்கிறது. கூட்டலில் பிழை இல்லை. பிறகு எங்கே இடறுகிறது?

ஒவ்வொரு சதவீதமும் வேறு வேறு தொகையின் மேல் நிற்கிறது. 2008-இன் 52 சதவீதம் முழு ஒரு லட்சத்தின் மேல் விழுந்தது. பணம் 47,554 ரூபாயாகச் சுருங்கியது. 2009-இன் 81 சதவீதம் அந்தச் சுருங்கிய தொகையின் மேல்தான் ஏறியது. அதனால் 86,089 ரூபாய் வரைதான் போக முடிந்தது. இந்த இரண்டு வருஷத்தை மட்டும் எடுத்துக் கூட்டுச் சராசரி பார்த்தால் வருஷத்துக்கு 14 சதவீத லாபம் என்று வரும். கையிலோ மொத்தத்தில் 14 சதவீதம் நஷ்டம்! 52 சதவீதம் விழுந்தவன் பழைய இடத்துக்கு வர 52 சதவீதம் ஏறினால் போதாது, 108 சதவீதத்துக்கு மேல் ஏற வேண்டும்.

சேமிப்பு வளர்வது பெருக்கலால். ஆகவே சராசரியும் பெருக்கலில்தான் வர வேண்டும். பள்ளிக்கூடத்தில் பெருக்குச் சராசரி என்று படித்தோமே, அதற்கு வேலை வருவது இங்கேதான். சதவீதத்தை அப்படியே எடுக்காமல், ஒரு ரூபாய் எவ்வளவாக ஆனது என்று மாற்றிக்கொள்ள வேண்டும். முதல் வருஷம் ஒரு ரூபாய் 0.4755 ஆனது, இரண்டாம் வருஷம் 1.8103, மூன்றாம் வருஷம் 1.1743. மூன்றையும் பெருக்கினால் 1.011. மூன்று வருஷம் என்பதால் அதன் கனமூலம், 1.0036. ஆக, வருஷத்துக்கு 0.36 சதவீதம். இதையேதான் ஃபண்ட் விளம்பரங்கள் கூட்டு ஆண்டு வளர்ச்சி வீதம், சுருக்கமாக சிஏஜிஆர் என்கின்றன. நடு எண்கள் தெரியாவிட்டாலும் பரவாயில்லை. கடைசித் தொகையை முதல் தொகையால் வகுத்து மூலம் எடுத்தால் போதும். எக்செல்லில் ஒரே வரி:

```
=(20509/20287)^(1/3)-1
```

சிலர் `GEOMEAN` என்ற கட்டளைக்குள் −52, 81, 17 என்று சதவீதங்களையே போடுவார்கள். `#NUM!` என்று முறைக்கும். அதற்கு 0.4755 போன்ற பெருக்கு எண்களைத்தான் தர வேண்டும்; வரும் விடையிலிருந்து ஒன்றைக் கழிக்க வேண்டும்.

விடை சரியா என்று பார்க்க எளிய வழி, திரும்பப் பெருக்கிப் பார்ப்பது. ஒரு லட்சத்தை 1.0036-ஆல் மூன்று முறை பெருக்குங்கள், ஏறக்குறைய 1,01,080 வரும்; உண்மைத் தொகையை ஒட்டி நிற்கிறது. 1.153-ஆல் மூன்று முறை பெருக்கினால் ஒன்றரை லட்சத்தைத் தாண்டிவிடும். அந்தப் பணம் எங்கேயும் இருந்ததில்லை.

எங்கள் ஊர்ப் பள்ளித் தலைமையாசிரியர் ஒருவரும் இதே குழியில் விழுந்தார். 400 பிள்ளைகள் இருந்த பள்ளி ஒரு வருஷம் 30 சதவீதம் கூடி 520 ஆனது. மறு வருஷம் 20 சதவீதம் குறைந்து 416 ஆனது. சராசரி ஐந்து சதவீத வளர்ச்சி என்று எழுதினார். அந்தக் கணக்குப்படி 441 பேர் இருக்க வேண்டும். வருகைப் பதிவேட்டிலோ 416 பெயர்கள்தான். உண்மை வளர்ச்சி வருஷத்துக்கு இரண்டு சதவீதத்துக்குச் சற்றுக் குறைவு.

இந்தக் கணக்கில் கைதவறும் இடம் வருஷங்களை எண்ணுவது. அவரிடம் இருந்தவை மூன்று ஆண்டுகளின் எண்கள். வளர்ச்சி நடந்ததோ இரண்டு இடைவெளிகளில். வேலிக்கு மூன்று கல் நட்டால் நடுவில் இடைவெளி இரண்டுதானே? எடுக்க வேண்டியது வர்க்கமூலம், கனமூலம் அல்ல.

சரி, சிஏஜிஆர் என்று போட்டிருந்தால் கண்ணை மூடிக்கொண்டு நம்பலாமா? அதுவும் கூடாது. அது பார்ப்பது இரண்டு முனைகளை மட்டும்தான். அதே சென்செக்ஸை 2007-க்குப் பதில் 2008 முடிவிலிருந்து தொடங்கிப் பாருங்கள். 9,647 இரண்டு வருஷத்தில் 20,509 ஆகிறது. சிஏஜிஆர் 45.8 சதவீதம்! முடிவு நாள் மாறவில்லை, சந்தை மாறவில்லை. தொடக்கத்தை ஒரு வருஷம் தள்ளியதும் 0.36 என்பது 45.8 ஆகிவிட்டது. விளம்பரம் எழுதுகிறவர் எந்தப் பள்ளத்திலிருந்து அளக்கத் தொடங்கினார் என்பதைப் பார்த்தால் பாதி விஷயம் புரிந்துவிடும். நடுவில் பணம் பாதியாகிப் பயமுறுத்தியதையும் அந்த ஒற்றை எண் சொல்லாது.

மாதாமாதம் எஸ்ஐபி கட்டுகிறவர்களுக்கு இந்தச் சூத்திரம் பொருந்தாது. ஜனவரியில் கட்டிய ஐயாயிரம் பன்னிரண்டு மாதம் வளர்ந்திருக்கும், டிசம்பரில் கட்டியது சில நாள்தான். ஒவ்வொரு தவணையையும் அதன் தேதியோடு சேர்த்துப் பார்க்கும் எக்ஸ்ஐஆர்ஆர் கணக்குதான் அங்கே சரி.

மச்சினன் தாளைத் திரும்பத் திரும்பப் பார்த்தான். “அதே ஒரு லட்சத்தை வருஷத்துக்கு எட்டு சதவீதத்துல டெபாசிட்டா போட்டிருந்தா?” என்றான். 1.08-ஐ மூன்று முறை பெருக்கிச் சொன்னேன்: 1,25,971.

அடுத்த முறை யாராவது சராசரி வருமானம் என்று தாளை நீட்டினால் மூன்றே மூன்று கேளுங்கள். எந்தத் தேதியில் எவ்வளவு போட்டது? எந்தத் தேதியில் எவ்வளவு கிடைத்தது? நடுவில் எத்தனை வருஷம்? மிச்சத்தை நீங்களே பெருக்கிக்கொள்ளலாம்.