திரும்பி வரும் வழியைச் சோதியுங்கள்

மின்கட்டணத் தளத்தின் முதல் பக்கம் திறந்துவிட்டால், பணமும் போய்ச் சேர்ந்துவிடும் என்று நம்பிவிடுகிறோம். வல்லம் ஒன்றியத்தில், செஞ்சிப் பக்கத்துக் குன்றுகளின் மறைவில் ஒரு கோடு, இரண்டு கோடு சிக்னலோடு காலம் தள்ளும் ஊர்களில், இந்த நம்பிக்கை ஆபத்தானது.

பக்கம் தாமதிப்பது கணக்கிலேயே தெரியும். 2 எம்பி எடையுள்ள பக்கம், நொடிக்கு 400 கிலோபிட் வேகத்தில் வந்து சேர 40 நொடி ஆகும். அது எரிச்சல்தான், ஆனால் பணம் போகாது. பணம் சிக்கிக்கொள்வது அதற்குப் பிறகு.

கட்டணத் தளம் நம்மைப் பணப் பரிவர்த்தனைப் பக்கத்துக்கு அனுப்புகிறது. அங்கிருந்து ஓடிபி பார்க்க மெசேஜுக்கோ, பின் நம்பர் போட யுபிஐ செயலிக்கோ போகிறோம். 2 ஜிபி ரேம் உள்ள போனில் இந்த இடைவெளியிலேயே பிரவுசரை ஆண்ட்ராய்டு மூடிவிடக்கூடும். திரும்பி வரும்போது பக்கம் மறுபடி முதலிலிருந்து ஏறும். வங்கியில் பணம் கழிந்திருக்கும், ரசீது வந்திருக்காது.

ஆகவே பணம் கட்டுமுன் ஒரு ஒத்திகை பாருங்கள். வைஃபையை அணைத்துவிட்டு, வழக்கமாகக் கட்டும் அதே இடத்தில், அதே சிம்மில், மாலை நெரிசல் நேரத்தில் தளத்தைத் திறங்கள். முன்பு பார்த்த பக்கம் போனிலேயே சேமிப்பில் இருந்து வேகமாகத் தெரியும் என்பதால், இன்காக்னிட்டோவில் திறப்பதே சரி. மின் இணைப்பு எண்ணைப் போட்டு, தொகை தெரியும் வரை போங்கள். அங்கேயே நிறுத்தி, மெசேஜையும் கேமராவையும் திறந்துவிட்டுத் திரும்புங்கள். எண் அப்படியே இருந்தால் நல்லது. பக்கம் வெறுமையாகிவிட்டால், இந்தப் போனில் இந்தத் தளத்தை நம்பக் கூடாது. கடைசியாக, முன்பு கட்டிய தொகையின் விவரம் அதே சிக்னலில் திறக்கிறதா என்று பாருங்கள். என் கணிப்பில் இதுவே முக்கியமான சோதனை. நடுவில் அறுந்துபோனால் பணம் சேர்ந்ததா என்று கேட்கும் முதல் வாசல் அதுதான்.

ஒத்திகைக்கும் எல்லை உண்டு. வங்கியின் சர்வர் அன்றைக்குத் திணறுமா என்று அது சொல்லாது. அதனால்தான் கடைசித் தேதிக்கு நாலு நாள் முன்னரே கட்ட வேண்டும். பணம் கழிந்து ரசீது வராவிட்டால், உடனே மறுபடி கட்டாதீர்கள். வங்கி அறிக்கையில் உள்ள பரிவர்த்தனை எண்ணைக் குறித்துக்கொண்டு, கட்டண விவரத்தைப் பாருங்கள். ரிசர்வ் வங்கியின் 2019 செப்டம்பர் சுற்றறிக்கைப்படி, வணிகருக்கு உறுதியாகாத யுபிஐ, கார்டு தொகையை 5 நாளுக்குள் தானாகத் திருப்ப வேண்டும், தவறினால் நாளொன்றுக்கு 100 ரூபாய் இழப்பீடும் உண்டு.

தளத்தை உருவாக்குகிறவர்கள் கணினியில் இணைய வேகத்தைக் குறைத்துப் பார்ப்பதோடு திருப்தி அடைகிறார்கள். ரேம் குறைந்த போன் பிரவுசரை மூடுவது அங்கே தெரியாது. கவுன்ட்டரை மூடி ஆன்லைனுக்கு மட்டும் மாறச் சொல்லும் எந்த அலுவலகமும், முதலில் வல்லத்தில் மலிவுப் போன் ஒன்றை வாங்கி, ஒரு பில்லைக் கட்டி, ரசீது கிடைத்ததா என்று பார்க்கட்டும்.