பொம்மை ஒட்டிய சுவரும், ஒட்டாத பீரோவும்

குழந்தைக்கென்று தனி அறை போடுகிறீர்கள். சந்தோஷம். சுவரில் யானைப் படம், ஜன்னலுக்கு முயல் போட்ட திரை, கூரையில் மினுக்கும் நட்சத்திரம். எல்லாவற்றையும் ஒட்டிவிட்டீர்கள். ஆறடி உயர அலமாரியை மட்டும் சுவரோடு ஒட்டவில்லை. ஏன் சார்?

'அது எங்கே விழப்போகுது? நானே தள்ளிப் பார்த்தேன், அசையலை' என்பீர்கள். நீங்கள் தள்ளியது எல்லா டிராயரும் மூடியிருக்கும்போது. குழந்தை அப்படித் தள்ளாது. டிராயர்களை இழுத்துப் படிக்கட்டாக்கிக்கொண்டு ஏறும்.

பௌதிகம் வேண்டாம், கணக்குப் புத்தகம் போதும். 48 சென்டிமீட்டர் ஆழமுள்ள ஒரு டிராயர் அலமாரி. வெறும் கூடு 25 கிலோ. துணியோடு டிராயர் ஒவ்வொன்றும் 5 கிலோ, மொத்தம் நான்கு. முன்விளிம்புதான் தராசு முள். கூட்டின் எடை அதற்கு 24 செ.மீ. பின்னால் நிற்கிறது. 25 பெருக்கல் 24, வரவு 600.

இப்போது நான்கு டிராயரையும் 35 செ.மீ. வெளியே இழுங்கள். அவற்றின் 20 கிலோவும் முள்ளுக்கு 11 செ.மீ. முன்னால் வந்துவிடும். செலவு 220. பன்னிரண்டு கிலோ குழந்தை ஒன்று டிராயர் விளிம்பில் தொற்றுகிறது. 12 பெருக்கல் 35, இன்னொரு 420. மொத்தச் செலவு 640. வரவோ 600தான். அலமாரி திவால். கீழே யார் இருக்கிறார்கள் என்று சொல்ல வேண்டியதில்லை.

இதே அலமாரியில் ஒரே ஒரு டிராயர் திறந்திருந்தால், குழந்தை தொங்கினாலும் விழாது. வரவு 960, செலவு 475. அதனால்தான் நேற்று வரை ஒன்றும் ஆகவில்லை. 'இத்தனை நாளா விழலையே' என்பது சாட்சியே இல்லை.

நம் வீட்டு இரும்பு பீரோ மட்டும் யோக்கியமா? தரை கழுவும் தண்ணீர் படக் கூடாதென்று காலுக்கடியில் கட்டை. தலைமேல் இரண்டு சூட்கேஸ். இரண்டு கதவையும் அகலத் திறந்து பாருங்கள். லேசாக முன்னால் தலையாட்டினால், அது உங்களுக்கு எச்சரிக்கை கொடுத்துவிட்டது என்று அர்த்தம்.

இது என் கற்பனை பயமில்லை. 2016ல் ஐகியா கம்பெனி அமெரிக்காவில் சுமார் 2 கோடியே 90 லட்சம் டிராயர் அலமாரிகளைத் திரும்பப் பெறுவதாக அறிவித்தது. அதற்குள் ஆறு குழந்தைகள் இறந்திருந்தார்கள். சுவரில் மாட்டும் சாமானை அந்தக் கம்பெனி அலமாரியோடு கொடுத்துத்தான் வந்தது. ஆனால் பலர் மாட்டவில்லை. கடைசியில் 2023 முதல், மாட்டாமல் நிறுத்தினாலும் சுலபத்தில் சாயாதபடி அலமாரி இருக்க வேண்டும் என்று அங்கே சட்டமே வந்தது. நம் ஊர்க் கடைக்காரரிடம் 'சுவரில் மாட்ட கிளாம்ப் உண்டா?' என்று கேட்டுப் பாருங்கள். உங்களை மேலும் கீழும் பார்ப்பார்.

ஹார்டுவேர் கடையில் கிடைக்கும் இரண்டு எல் கிளாம்ப் போதும். இரண்டு இடத்தில்தான் ஏமாறுவீர்கள். ஒன்று, அலமாரியின் முதுகுப் பலகை. அது பெரும்பாலும் அட்டை கனம். அதில் ஸ்க்ரூ அடித்தால் பிய்த்துக்கொண்டு வரும். மேல்பலகையிலோ பக்கப் பலகையிலோ அடிக்க வேண்டும். இரும்பு பீரோ என்றால் மேல்தகட்டில் ஓட்டை போட்டு, வாஷரோடு போல்ட் நட்டு.

இரண்டு, சுவர். டிரில் போடும்போது கொட்டும் தூளைக் கவனியுங்கள். சாம்பல் நிறத் தூள் வந்தால் இன்னும் பூச்சில்தான் இருக்கிறீர்கள். சிவப்புத் தூள் வந்தால்தான் செங்கல். அதற்குள் பிளாஸ்டிக் பிளக் முழுசாகப் போய், இரண்டு அங்குல ஸ்க்ரூ இறுக வேண்டும். முடித்ததும் அலமாரியின் மேல்விளிம்பைப் பிடித்து உங்கள் பக்கம் பலமாக இழுங்கள். கிளாம்ப் ஆடினால் வேலை முடியவில்லை.

'ஹவுஸ் ஓனர் ஆணி அடிக்க விடமாட்டாரே!' தெரியும். ஏ.சி.க்குச் சுவரைக் குடைய மட்டும் சம்மதிப்பார். காலி செய்யும்போது இரண்டு துளையையும் புட்டி வைத்து அடைத்துத் தருகிறேன் என்று சொல்லுங்கள. அப்போதும் மறுத்தால், உயரமான சாமானைக் குழந்தை நுழையாத அறைக்கு மாற்றிவிட்டு, அறைக் கதவுக்கு உயரத்தில் தாழ்ப்பாள் போடுங்கள்.

இன்னொரு விஷயம். குழந்தையை மேலே ஏறச் சொல்லி அழைப்பது நாம்தான். பொம்மை, ரிமோட், பிஸ்கட் டப்பா எல்லாம் அலமாரி உச்சியில். ராத்திரிக்கென்று வைத்த மினுக்கும் விளக்கும் அங்கேயே, ஒயர் கீழே தொங்க. பொம்மையைத் தரைக்கு இறக்குங்கள். மங்கலான மஞ்சள் விளக்கை, ஒயரே இல்லாமல் சுவர் பிளக்கில் நேராகச் செருகும் வகையாக வாங்குங்கள். பிளக் எட்டாத உயரத்தில் இருக்கட்டும்.

'இன்னும் தவழவே இல்லையே, அப்புறம் பார்த்துக்கலாம்' என்பவர்களுக்கு ஒரு வார்த்தை. பிடித்துக்கொண்டு எழுந்து நிற்கப் போகிற நாளைக் குழந்தை உங்களிடம் முன்கூட்டிச் சொல்லாது. முதலில் பிடிக்கப் போவது அந்தக் கடைசி டிராயரின் கைப்பிடியாகவே இருக்கலாம்.

யானைப் படத்தை அடுத்த வாரம் ஒட்டிக்கொள்ளலாம்.