புதிய ஆளுக்குப் பதினான்கு நாள்

மங்கலம்பேட்டையிலிருந்து விருத்தாசலத்துப் பீங்கான் தொழிற்கூடங்களுக்குப் பேருந்தேறிச் செல்வோரிடம் கேட்டால் ஒரு வழக்கத்தைச் சொல்வார்கள். புதிதாகச் சேர்ந்தவனை முதல் நாளே சூளையடிக்கு அனுப்பி, "தாங்குகிறானா பார்ப்போம்" என்பது. இது தவறான சோதனை என்பது என் கருத்து. முதல் நாள் தாங்காதவன் பதினான்காம் நாள் நன்றாகவே தாங்குவான். இடையில் அவன் உடம்பே மாறிவிடுகிறது.

முதல் நாள் என்ன நடக்கிறது? உழைக்கும் தசைக்கு இரத்தம் வேண்டும். உள்ளிருக்கும் சூட்டை வெளியேற்றத் தோலுக்கும் இரத்தம் வேண்டும். தோலின் குழாய்கள் விரிந்து இரத்தத்தைத் தேக்கிக்கொள்வதால் இதயத்துக்குத் திரும்பும் அளவு குறைகிறது. ஒவ்வொரு துடிப்பிலும் வெளியேறுவது குறையவே, இதயம் துடிப்பைக் கூட்டி ஈடுகட்டுகிறது. சுமை தூக்கும்போது நாடி 160ஐத் தொடுவதும், கண் இருட்டுவதும் இதனால்தான். அவன் சோம்பேறி என்பதால் அல்ல.

மூன்று முதல் ஐந்து நாட்களில் முதல் உதவி வந்து சேர்கிறது. சிறுநீரகம் உப்பையும் நீரையும் வெளியே விடாமல் பிடித்துக்கொள்ள, இரத்தத்தின் நீர்ப்பகுதியாகிய பிளாஸ்மா பெருகுகிறது. சுமார் மூன்று லிட்டராக இருப்பது பத்து விழுக்காட்டுக்கு மேலும் கூடலாம். கூடுவது ஏறத்தாழ ஒன்றரைத் தம்ளர்தான்! ஆனால் இதயத்துக்கு அதுவே போதும். அதே வேலைக்கு நாடி 160லிருந்து 140க்கும் கீழே இறங்குவது வியப்பில்லை.

வியர்வையோ மெதுவாகத்தான் திருந்துகிறது. அதற்கு இரண்டாம் வாரமும் வேண்டும். பழகிய உடம்பில், சூடு சற்று ஏறியதுமே வியர்க்கத் தொடங்குகிறது. அளவும் மணிக்கு ஒரு லிட்டரைத் தாண்டுகிறது. உப்பு மட்டும் குறைவாக வெளியேறுகிறது. ஆகவே கஞ்சியில் உப்புக் கூடுதலாக வேண்டியது முதல் வாரத்தில்தான். பழகியவனுக்குத் தண்ணீர் குறைவாகப் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். உண்மை நேர்மாறானது, அதிகம் வியர்ப்பவன் அதிகம் குடிக்க வேண்டும்.

எனக்கு அச்சம் தருவது நான்காம், ஐந்தாம் நாட்கள். இதயம் இலகுவாகிவிடுவதால் "பழகிவிட்டது" என்று அவனே சொல்வான். கூலி கருதி முழுச் சுமையும் ஏற்பான். வியர்வையின் வேலையோ பாதிதான் முடிந்திருக்கும்.

நம்மூர்ப் புழுக்கத்தில் இன்னொரு சிக்கல். ஒரு லிட்டர் வியர்வை தோலில் ஆவியானால் சுமார் 580 கிலோகலோரி வெப்பத்தைக் கொண்டுபோகும். சொட்டிக் கீழே விழுந்தால் ஏறக்குறைய ஒன்றுமில்லை. காற்றே ஈரமாக இருக்கும்போது பழகிய உடம்புக்கும் எல்லை உண்டு. அங்கே காற்றோட்டமும் ஓய்வும்தான் துணை.

இதை உலகுக்கு உணர்த்தியவை தென்னாப்பிரிக்கத் தங்கச் சுரங்கங்கள். ஆழத்தில் பாறை சுடும். தூசி அடங்க நீர் தெளித்ததால் காற்றும் ஈரமானது. 1920களில் வெப்பத்தாக்கில் தொழிலாளர்கள் இறந்தனர். 1930களில் ட்ரியோஸ்டி என்னும் மருத்துவர், புதியவர்களைப் படிப்படியாக வெப்பத்தில் பழக்கும் முறையை ஆராய்ந்தார். 1960களில் சூடும் ஈரமும் நிறைந்த தனி அறைகளில், நாள்தோறும் சில மணி நேரம் படியேறி இறங்கவைத்து, உடல் வெப்பத்தை அளந்து, பிறகே கீழே அனுப்பினர். கறுப்பினத் தொழிலாளர் மேல் கொண்ட இரக்கமன்று. தங்கம் குறையக் கூடாதே என்ற கணக்குத்தான். அந்தக் கணக்குக்கூட நம் கூடங்களில் போடப்படவில்லை என்பதே என் வருத்தம்.

அமெரிக்கத் தொழில்நல ஆய்வு நிறுவனத்தின் பரிந்துரை எளிது. புதியவன் முதல் நாள் வேலை நேரத்தில் ஐந்திலொரு பங்கு மட்டும் வெப்பத்தில் நிற்கலாம். பின் நாளுக்கு ஐந்திலொரு பங்குக்கு மேல் கூட்டக் கூடாது. எட்டு மணி நேர வேலையில் முதல் நாள் சூளையடியில் ஒன்றரை மணி நேரம். மிச்ச நேரம் அச்சு வார்க்கட்டும், காய்ந்ததைத் தேய்த்துச் சீராக்கட்டும். கூலியைக் குறைக்கக் கூடாது. குறைத்தால் அவன் ஒப்ப மாட்டான். முழு நேரத்தை எட்டிய பிறகும் இரண்டாம் வாரம் முடியும்வரை ஒரு கண் அவன்மேல் இருக்க வேண்டும்.

அளக்கக் கருவி வேண்டாம், கைக்கடிகாரம் போதும். வேலையை நிறுத்தி உட்கார்ந்தவுடன் நாடியை எண்ணுங்கள். நிமிடத்துக்கு 110ஐத் தாண்டினால் அடுத்த சுற்று வேலையை மூன்றிலொரு பங்கு குறைக்க வேண்டும். பேச்சு குழறினால், நடை தள்ளாடினால், அது களைப்பு அல்ல, வெப்பத்தாக்கு. வியர்த்துக்கொண்டிருக்கிறானே என்று விட்டுவிடாதீர்கள். உழைப்பால் வரும் வெப்பத்தாக்கில் வியர்வை நிற்காமலும் இருக்கும். நிழலில் கிடத்தி உடலெங்கும் தண்ணீர் ஊற்றி விசிறியபடியே மருத்துவமனைக்கு ஆளனுப்ப வேண்டும்.

பெற்ற பழக்கமும் நிலைப்பதில்லை. ஓரிரு வாரம் விலகியிருந்தால் முதலில் வந்த பிளாஸ்மாவே முதலில் போகிறது. அம்மையோ காய்ச்சலோ கண்டு வீட்டில் கிடந்து சித்திரையில் திரும்பும் பழைய ஆளுக்கும் முதல் நாள் பாதி நேரம்தான் சூளையடி. நான்காம் நாள்தான் முழு நேரம். அவனும் அன்றைக்குப் புதிய ஆள்தான்.