மோர் குடிச்சா தெளியுமா? போங்கய்யா!

"ஒரு டம்ளர் மோர், ரெண்டு எலுமிச்சம்பழம், தலைக்கு நாலு சொம்பு தண்ணி. வண்டிய எடுத்துட்டு கெளம்பு மாப்ள." இந்த வைத்தியத்தைச் சொல்லாத குடிகாரனை நான் பார்த்ததில்லை. சுத்தப் பொய்.

உள்ளே போன சரக்கில் மூச்சு, மூத்திரம், வியர்வை வழியா வெளியேறுவது நூத்துக்குப் பத்துகூட இருக்காது. மிச்சம் அத்தனையும் ஈரல் பொறுப்பு. அங்கே ஆல்கஹால் டிஹைட்ரஜனேஸ்னு ஒரு என்ஸைம், சாராயத்திலிருந்து ஹைட்ரஜனை உருவி அசிட்டால்டிஹைடா மாத்தும். இது சாராயத்தைவிட மோசமான விஷம். அடுத்து இன்னொரு என்ஸைம் அதையும் அசிட்டேட்டா மாத்திடும். அசிட்டேட் ரத்தத்தோட போய், தசையிலும் மற்ற உறுப்புகளிலும் எரிஞ்சு கரியமில வாயுவும் தண்ணியுமா முடியும்.

சரி, ஏன் வேகம் கூடமாட்டேங்குது? உருவின ஹைட்ரஜனைச் சுமக்க என்ஏடின்னு ஒரு மூலக்கூறு வேணும். கட்டட வேலையில கலவை சுமக்கிற சட்டி மாதிரி. சட்டி காலியாகித் திரும்பி வந்தாத்தான் அடுத்த நடை. முதல் என்ஸைமோ ஒண்ணு ரெண்டு ரவுண்டுக்கே முழு வேகத்துக்குப் போயிடும். அதுக்கு மேல நீங்க எவ்வளவு ஊத்தினாலும் க்யூதான் நீளும், வேலை வேகமாகாது. மோருக்கோ காப்பிக்கோ இங்கே ஒரு வேலையும் இல்ல. காப்பி தூக்கத்தைக் கலைக்கும், அவ்வளவுதான். தூங்கி வழியிற குடிகாரன் முழிச்சிருக்கிற குடிகாரனா ஆவான்.

கணக்கு போடுவோம். ஒரு குவார்ட்டர் 180 மில்லி, 42.8 சதம். அதாவது சுமார் 60 கிராம் சுத்த சாராயம். 70 கிலோ ஆள் ராத்திரி பத்து மணிக்கு மடமடன்னு அடிச்சா 100 மில்லி ரத்தத்தில் உத்தேசமா 125 மில்லிகிராம் வரும். மணிக்கு 15 குறையும்னு வைங்க. விடிகாலை நாலு மணிக்கு, நல்லா தூங்கி எழுந்து, பல் விளக்கி, பால் வண்டியை எடுக்கும்போது இன்னும் 35 இருக்கும். மோட்டார் வாகனச் சட்டம் 185-ஆம் பிரிவில் வரம்பு 30. முழுசா இறங்க ஆறரை மணி ஆகும். "நைட்டு குடிச்சது சார்"னு ஊதுற மிஷின்கிட்ட சொல்லிப் பாருங்க!

ஆளுக்கு ஆள் இந்த 15 கொஞ்சம் மாறும், ஒத்துக்கறேன். சாப்பாட்டோட குடிச்சா உச்சம் குறையும். "நம்ம உடம்பு பழகினது, சீக்கிரம் கரைச்சிடும்"னு ஒரு அண்ணாச்சி கிளம்புவார். பாதி உண்மை. தினமும் குடிக்கிறவன் ஈரலில் சிஒய்பி2இ1 என்கிற இன்னொரு என்ஸைம் பெருகி வேகத்தைக் கொஞ்சம் கூட்டும். ஆனா அதுவும் அதே அசிட்டால்டிஹைடைத்தான் தயாரிக்குது. காலையில தலைவலிக்கு பாராசிட்டமால் போடுறீங்களே அண்ணாச்சி, அந்த மாத்திரையில ஒரு பங்கை ஈரலைக் கொல்ற விஷமா மாத்துறதும் இதே ஆள்தான்.