0.3 விழுக்காடு குறைவான எண் அல்ல

கூலிம் மாவட்டத்தில் பாடாங் செராய் என்று ஓர் ஊர் உண்டு. மலாயில் ‘பாடாங்’ என்றால் திடல். ‘செராய்’ என்றால் நம் வீட்டுக் கொல்லையில் வளரும் அதே எலுமிச்சைப்புல். கெடாவின் தோட்டப்புறத்திலும் சிறு பட்டணங்களிலும் ஒரு குத்து செராய் இல்லாத வேலியோரத்தைப் பார்ப்பது அரிது. அதனால்தான் பள்ளி அறிவியல் ஆய்வுக்கு, கையருகே கிடைக்கும் பொருள் என்று மாணவர்கள் பலர் செராய் எண்ணெய் எடுப்பதைத் தேர்ந்தெடுக்கிறார்கள். நல்ல தேர்வுதான். ஆனால் அறிக்கையின் கடைசியில் எழுதும் ‘எண்ணெய் விளைவு இத்தனை விழுக்காடு’ என்ற ஒரு வரியில்தான் பெரும்பாலும் சறுக்கல் நேர்கிறது. அந்த எண் பெரிதாக இருந்தால் வெற்றி, சிறிதாக இருந்தால் தோல்வி என்று நினைப்பது தவறு என்பது என் கருத்து. பச்சைச் செராய் இலையில் 2 விழுக்காடு எண்ணெய் கிடைத்ததாக யாராவது காட்டினால், பாராட்டுவதற்கு முன் சந்தேகப்பட வேண்டும்.

ஏன் என்று சொல்கிறேன். செராய் எண்ணெயின் பெரும்பகுதி சிட்ரால் என்ற பொருள். அதன் கொதிநிலை ஏறக்குறைய 229 பாகை செல்சியஸ். தனியாகக் கொதிக்க வைத்தால் எண்ணெய் கருகிக் கெட்டுவிடும். ஆனால் நீரும் எண்ணெயும் ஒன்றோடொன்று கலக்காதவை. இரண்டும் சேர்ந்து சூடாகும்போது ஒவ்வொன்றும் தன் ஆவியழுத்தத்தைத் தனித்தனியே தரும். இரண்டின் கூட்டுத்தொகை வெளிக்காற்றின் அழுத்தத்தை எட்டியதும் கலவை கொதிக்கும். அது 100 பாகைக்குச் சற்றுக் கீழேயே நடந்துவிடுகிறது. எண்ணெயின் பங்கு மிகச் சிறியது என்பதால், கொஞ்சம் எண்ணெயைக் கொண்டுவர நிறைய நீராவி தேவை. பச்சை இலையில் எடைப்படி 0.2 முதல் 0.5 விழுக்காடு வரை கிடைப்பது வழக்கம். ஆக, 0.3 என்பது உங்கள் கைத்திறனின் குறை அல்ல, இலையின் இயல்பு.

அப்படியானால் 2 விழுக்காடு எங்கிருந்து வருகிறது? பெரும்பாலும் நீரிலிருந்து. குளிர்விப்பானிலிருந்து சொட்டும் திரவம் முதலில் பால்போல் வெண்மையாக இருக்கும். எண்ணெய்த் துளிகள் நீரில் சிதறி நிற்பதால் வரும் வெண்மை அது. அதைத் தெளிய விடாமல் மேலே நிற்கும் கலங்கல் முழுவதையும் எண்ணெய் என்று அளந்தால் எண் வீங்கிவிடும். சிறிது உப்பைக் கரைத்து, ஓரிரவு அசையாமல் வைத்தால் எண்ணெய் மேலே தெளிந்து நிற்கும். எண்ணெயும் நீரும் பிரியும் எல்லை ஒரே கோடாகத் தெரிந்தால்தான் அளக்கலாம்.

எதிர்ப்பக்கத் தவறும் உண்டு. 150 கிராம் இலையைக் காய்ச்சினால் கிடைப்பது ஏறக்குறைய அரை மில்லிலிட்டர்தான். அதைப் பிரிபுனலில் ஊற்றி, பிறகு அளவுச்சாடிக்கு மாற்றினால் கண்ணாடிச் சுவரிலேயே ஒரு பங்கு ஒட்டிக்கொள்ளும். 0.05 மில்லிலிட்டர் தொலைந்தாலே பத்தில் ஒரு பங்கு போய்விட்டது. இதற்கென்றே 1928இல் கிளெவெஞ்சர் என்பவர் ஒரு கருவியை விவரித்தார். அதில் எண்ணெய் ஒரு குறுகிய அளவுக் குழாயில் தங்கும். நீர் மட்டும் திரும்பக் குடுவைக்கு ஓடும். உங்கள் பள்ளி ஆய்வுக்கூடத்தில் அது இல்லாவிட்டால் பியூரெட்டைப் பயன்படுத்துங்கள். சொட்டும் திரவத்தை நேரே அதில் பிடியுங்கள். நிரம்பும்போது கீழ்த்திருகை மெல்லத் திறந்து நீரை மட்டும் வெளியேற்றுங்கள். எண்ணெய் மேலேயே நிற்கும். அடுத்தடுத்த தடவை காய்ச்சியதையும் அதே பியூரெட்டில் சேர்த்தால், ஒட்டி வீணாகும் பங்கு சிறுத்துவிடும். அரை மணி நேரத்துக்கு எண்ணெய் மட்டம் உயராதபோதுதான் நிறுத்த வேண்டும். அவசரப்பட்டு நிறுத்தினால் அளவும் குறையும், எளிதில் ஆவியாகும் பொருள்களின் பங்கும் கூடிவிடும்.

இப்போது கணக்குக்கு வருவோம். ஒருவர் 200 கிராம் வீதம் மூன்று தடவையாக 600 கிராம் பச்சை இலையைக் காய்ச்சி, பியூரெட்டில் 2.0 மில்லிலிட்டர் எண்ணெய் பெற்றார் என்று வைத்துக்கொள்ளுங்கள். பலர் உடனே 2.0-ஐ 600-ஆல் வகுத்து 0.33 விழுக்காடு என்பார்கள். இது மில்லிலிட்டரைக் கிராமால் வகுத்த எண். எண்ணெயின் அடர்த்தி ஏறக்குறைய 0.89 என்பதால், அதன் எடை 1.78 கிராம். 1.78-ஐ 600-ஆல் வகுத்தால் 0.30 விழுக்காடு.

இன்னும் முடியவில்லை. அதே இலைகளை அறுத்து ஒரு நாள் நிழலில் வாட விட்டிருந்தால் 600 கிராம் 420 கிராமாகச் சுருங்கியிருக்கலாம். எண்ணெய் ஏறக்குறைய அவ்வளவே இருக்க, 1.78-ஐ 420-ஆல் வகுத்தால் 0.42 விழுக்காடு. செடியில் எதுவும் கூடவில்லை, நீர்தான் போயிற்று. முழுவதும் காய்ந்த எடையைக் கொண்டு கணக்கிட்டால்? காய்ச்சும் நாளில் அதே இலைக் குவியலிலிருந்து 20 கிராமைத் தனியே எடுத்து, 105 பாகை அடுப்பில் எடை மாறாத வரை உலர்த்துங்கள். 5 கிராம் மிஞ்சினால் இலையில் 75 விழுக்காடு நீர். உலர்த்தும்போது எண்ணெயும் போய்விடும் என்றாலும், நீருக்கு முன்னால் அது மிகச் சிறிது. அப்படியானால் 600 கிராமில் காய்ந்த பொருள் 150 கிராம். விளைவு 1.19 விழுக்காடு.

பாருங்கள், ஒரே எண்ணெய், ஒரே செடி, 0.30, 0.33, 0.42, 1.19 என்று நான்கு எண்கள். எதுவும் பொய் அல்ல. ஆனால் எந்த எடையைக் கொண்டு வகுத்தோம் என்று சொல்லாத எண்ணை இன்னொரு எண்ணோடு ஒப்பிட முடியாது. சுங்கைப்பட்டாணி மாணவர் ஒருவர் மழை நாளில் அறுத்த இலையையும், பாலிங் மாணவர் ஒருவர் வாடிய இலையையும் காய்ச்சிவிட்டு, ‘எங்கள் ஊர் மண்ணே சிறந்தது’ என்று முடிவு கட்டினால் அது மண்ணின் வித்தியாசம் அல்ல, வெயிலின் வித்தியாசம்.

செடியின் பெயரும் அப்படித்தான். கேரளத்தின் ஓடக்காலியில் 1951இல் எலுமிச்சைப்புல்லுக்கென்றே ஆராய்ச்சி நிலையம் ஒன்று தொடங்கப்பட்டது. ‘சுகந்தி’ என்ற வகை அங்கிருந்து வந்ததுதான். ஆனால் அது நம் சமையல் செராய் அல்ல, அதே பேரினத்தின் வேறொரு புல். அதன் விளைவை உங்கள் அறிக்கையில் எடுத்து வைத்து, ‘நமக்குக் குறைவாகக் கிடைத்தது’ என்று வருந்துவதில் பொருளில்லை. செராய் வாங்கியோ வேறு. அது சிட்ரொனெல்லா எண்ணெய் தரும் புல். இலையா, தண்டா என்பதையும் எழுத வேண்டும். குழம்புக்குத் தட்டிப் போடும் அடித்தண்டைவிட, நாம் வெட்டி எறியும் மேல் இலையில்தான் எண்ணெய் கூடுதல்.

ஆகவே அடுத்த முறை உங்கள் அறிக்கையில் ‘0.3 விழுக்காடு’ என்று மட்டும் எழுதாதீர்கள். ‘சமையல் செராய், அறுத்த அன்றே காய்ச்சிய மேல் இலை 600 கிராம், ஈரப்பதம் 75 விழுக்காடு, எண்ணெய் 1.78 கிராம், பச்சை எடைப்படி 0.30 விழுக்காடு’ என்று எழுதுங்கள். அந்த ஒரு வரியைப் படிக்கும் எவரும் உங்கள் சோதனையைத் திரும்பச் செய்து பார்க்கலாம். 2 விழுக்காடு என்று மட்டும் எழுதியவரின் சோதனையை யாராலும் சரிபார்க்க முடியாது. மதிப்பெண் போடும் ஆசிரியர்களும் எண்ணின் உயரத்தைப் பார்க்காமல், எதால் வகுத்தாய் என்று முதலில் கேட்க வேண்டும்.