அலமாரியில் மருந்து இருந்தால் போதுமா?

ஆஸ்பத்திரிகள் எந்த அளவுக்குத் தயாராக உள்ளன என்று பல நாடுகளில் சர்வே எடுக்கிறார்கள். உலக சுகாதார நிறுவனம் வகுத்த முறையில் ஐந்து தலைப்புகள் உண்டு. மின்சாரம், தண்ணீர் போன்ற வசதிகள், கருவிகள், தொற்றுத் தடுப்பு, பரிசோதனைகள், மருந்துகள் ஆகியவை அவை. ஒவ்வொன்றுக்கும் மார்க் போட்டு, கூட்டி, ஐந்தால் வகுத்துச் சராசரி சொல்கிறார்கள்.

இந்தச் சராசரியே ஆளை ஏமாற்றும். ஒரு சுகாதார நிலையம் முதல் மூன்று தலைப்புகளில் 100, மருந்தில் 75 வாங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். பரிசோதனையில் 8-க்கு 2 தான், ஆகவே 25. சராசரி என்ன? 80! பார்ப்பவர்கள் 'பேஷ்' என்பார்கள். ஆனால் கர்ப்பிணியின் சிறுநீரில் புரதம் இருக்கிறதா என்று பார்க்க அங்கே வழி இல்லாமல் இருக்கலாம்.

மருத்துவத்தின் தரத்தை மூன்று படிகளாகப் பார்க்க வேண்டும் என்று அமெரிக்கப் பேராசிரியர் அவெடிஸ் டொனபீடியன் 1966-ல் எழுதினார். என்ன இருக்கிறது என்பது முதல் படி. அதைக் கொண்டு என்ன செய்தார்கள் என்பது இரண்டாவது. நோயாளிக்கு என்ன ஆயிற்று என்பது மூன்றாவது. தயார்நிலை சர்வே முதல் படியோடு நின்றுவிடுகிறது. யார்டில் எஞ்சினும் பெட்டிகளும் நிற்பதால் வண்டி ஊர் போய்ச் சேர்ந்ததாக ஆகுமா?

ரத்த அழுத்தக் கருவி வேலை செய்கிறது என்று சர்வேக்காரர் குறித்துக்கொள்வார். வந்த கர்ப்பிணிக்கு அதைக் கட்டிப் பார்த்தார்களா என்பது வேறு கேள்வி. ஆப்பிரிக்க நாடுகள் ஏழு, ஹைதி ஒன்று ஆக 8 நாடுகளில் சுமார் 4,300 நிலையங்களை ஆராய்ந்த முடிவு 2017-ல் வெளிவந்தது. சிகிச்சை நடப்பதைக் கூடவே நின்று கவனித்து எடுத்த கணக்கு அது. வசதிக்கும் சிகிச்சையின் தரத்துக்கும் உள்ள தொடர்பு மிகக் குறைவு என்று அது காட்டியது.

இரண்டாவது படியும் முடிவல்ல. உத்தரப் பிரதேசத்தில் 120 நிலையங்களில் நடந்த ஆய்வின் முடிவும் 2017-ல் வந்தது. பிரசவம் பார்ப்போருக்குப் பட்டியல் கொடுத்துப் பழக்கியதும், செய்ய வேண்டியவற்றில் 73 சதவீதத்தைச் செய்தார்கள். பழக்காத இடங்களில் 42 சதவீதம்தான். ஆனாலும் தாய் சேய் மரணம் குறையவில்லை.

அப்படியானால் மரணக் கணக்கை மட்டும் பார்த்தால் போதுமா? அதுவும் சரியல்ல. முற்றிய கேஸ்களை எல்லாம் ஏற்கும் பெரிய ஆஸ்பத்திரியில் மரணம் கூடுதலாகத்தான் இருக்கும். அதற்காக அதை மட்டம் என்று சொல்லலாமா?

எனவே, ஐந்து மார்க்குகளையும் தனித்தனியே வெளியிட வேண்டும். சர்வேக்காரர் அலமாரியைப் பார்ப்பதோடு, நோயாளியைப் பார்க்கும் அறையிலும் அரை நாள் நிற்க வேண்டும். வீடு திரும்பியவர் எப்படி இருக்கிறார் என்றும் விசாரிக்க வேண்டும். மூன்றும் சேர்ந்தால்தான் அது முழுக் கணக்கு.